மெக் 2020: ஒன்பது கேள்வி, லாகின் வேண்டாம், மார்ச் 14 வரை

அனுப்புநர்: முன்னாள் மாணவர் தொடர்பு, மெக்கானிக்கல் துறை
பெறுநர்: 2016–20 பேட்ச், இதுவரை பதில் வந்து சேராத 77 பேர் (பிசிசி)
நாள்: 5 மார்ச் 2025, புதன்

வணக்கம்.

பிப்ரவரி 17 அன்று அனுப்பிய பாடத்திட்டக் கருத்துப் படிவம் பற்றித்தான் இந்த மெயில். அதில் மூன்று மாற்றம் செய்திருக்கிறோம். இப்போது ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

▶ படிவத்தைத் திறக்க இங்கே தொடவும்

லிங்க் திறக்காவிட்டாலும், திறக்க நேரமில்லாவிட்டாலும் இந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். கேள்விகள் கீழே முழுதாக இருக்கின்றன; எண் போட்டு ஒவ்வொரு வரி எழுதினால் போதும். பிசிசியில் அனுப்பியிருப்பதால் உங்கள் பதில் எங்களுக்கு மட்டும்தான் வரும், பேட்ச் முழுக்கப் போகாது.

முதல் மெயிலில் தடையாக இருந்தவை, பெரும்பாலும் எங்கள் பக்கத்துத் தவறுகள்:

கூகுள் லாகின் கேட்டது. ஒருவர் ஒருமுறைதான் பதில் தரலாம் என்ற அமைப்பை ஆன் செய்துவிட்டோம். அதைப் போட்டாலே கூகுள் படிவம் லாகின் கேட்கும். ஆபீஸ் லேப்டாப்பில் பலருக்கும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இப்போது எடுத்துவிட்டோம். லாகின் இல்லாததால் ஒரு சிக்கல் உண்டு: பாதியில் மூடினால் எழுதியது சேமிப்பில் இருக்காது. ஆறு நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காது என்றால் ரிப்ளையில் எழுதுவதே நல்லது, டிராஃப்டில் தங்கும்.

சம்பளம் கேட்டது, அதுவும் கட்டாயக் கேள்வியாக. தரவரிசைக்கு விவரம் சேகரிக்கும் பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்ததில் வந்த வினை. பாடத்திட்டத்துக்கும் உங்கள் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை. நீக்கியாயிற்று.

27 கேள்விகள் இருந்தன. இப்போது ஒன்பது. எதையும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

உங்கள் பதில் ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மார்ச் 22, சனிக்கிழமை பாடத்திட்டக் குழு கூடுகிறது. மூன்றாம் செமஸ்டரில் 3 கிரெடிட் இடம் ஒன்று காலியாகிறது. போட்டியில் இருப்பவை இரண்டு: ஜிடி அண்ட் டி-யோடு சேர்ந்த மெட்ராலஜி ஒன்று, பைத்தானில் தரவுப் பகுப்பாய்வு மற்றொன்று. உங்கள் பேட்சில் 118 பேர். பதில் தந்த 41 பேரில் 29 பேர் உற்பத்தி, டிசைன் பக்கம் இருக்கிறார்கள்; 7 பேர் மேற்படிப்பு; ஐடியில் இருப்பவர்கள் 5 பேர்தான். இந்தக் கணக்கை வைத்து முடிவெடுத்தால் மெட்ராலஜி எளிதாக ஜெயித்துவிடும். அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் ஐடிக்குப் போனவர்கள் அந்த ஐந்து பேர் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதனால், “நான்தான் கோர் பக்கமே இல்லையே, என்னிடம் கேட்டு என்ன” என்று நினைத்து விட்டவர்களின் பதில்தான் இப்போது அதிகம் தேவைப்படுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சொந்தத் தொழில் பார்ப்பவர், வேலையை விட்டு வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் முதல் கேள்வியில் இடம் வைத்திருக்கிறோம். முன்பு “தற்போதைய நிறுவனம்” என்று மட்டும் கேட்டிருந்தோம். வேலையில் இல்லாதவர் அந்த வரியைத் தாண்டவே முடியாது.

கேள்விகள்:

1. இப்போது என்ன செய்கிறீர்கள்? (உற்பத்தி / டிசைன் / ஐடி / அரசு, வங்கி / மேற்படிப்பு / சொந்தத் தொழில் / தேர்வுத் தயாரிப்பு / இடைவெளி / வேறு)
2. முதல் வேலை கிடைக்கச் சுமார் எத்தனை மாதம் ஆயிற்று? இன்னும் வேலைக்குப் போகவில்லை என்றால் “இல்லை” போதும்.
3. எட்டு செமஸ்டரில் படித்ததில், கடந்த ஒரு மாதத்தில் உண்மையிலேயே கைகொடுத்த பாடம் எது?
4. இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படாத பாடம் எது?
5. காசு கட்டி வெளியில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எது?
6. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் “இதை லேபில் பார்த்ததே இல்லையே” என்று தோன்றிய இயந்திரம், சாஃப்ட்வேர், நடைமுறை ஏதாவது?
7. மேலே சொன்ன 3 கிரெடிட் இடத்துக்கு உங்கள் ஓட்டு எது? மெட்ராலஜியா, பைத்தானா, வேறு ஏதாவதா?
8. 2020 மார்ச் ஊரடங்கால் கடைசி செமஸ்டர் லேபும் புராஜெக்டும் பாதியில் நின்றன. அதில் பிற்பாடு குறையாகத் தெரிந்தது எது?
9. இப்போதைய மாணவர்களுக்கு 40 நிமிடம் ஆன்லைனில் பேச விருப்பமா? (ஆம் / இப்போது வேண்டாம்)

கட்டுரை மாதிரி எழுத வேண்டியதில்லை. ஆறாம் கேள்விக்கு, “விஎம்சி-யில் ஒர்க் ஆஃப்செட் எடுக்கத் தெரியாது, G54 என்றால் என்ன என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்” என்ற அளவு போதும். இப்போது சிஎன்சி லேபில் மாணவர்கள் புரோகிராம் எழுதி சிமுலேஷனில் ஓட்டுகிறார்கள். ஜாபைக் கட்டி ஆஃப்செட் எடுப்பது இன்ஸ்ட்ரக்டர். இப்படி நாலைந்து பேர் எழுதினால், இருக்கும் பயிற்சிகளில் இரண்டை மாணவரே செட்டிங் செய்யும்படி மாற்றச் சொல்லிக் குழுவில் கேட்க முடியும். “லேப் இன்னும் நன்றாக இருக்கலாம்” என்ற வரியை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது.

யார் பதில் தந்தார்கள் என்று குறித்துக்கொள்ள ரோல் நம்பரின் கடைசி மூன்று இலக்கம் மட்டும் கேட்கிறோம். குழுவுக்குப் போகும் தாளில் அதுவும் இருக்காது, பெயரும் இருக்காது. ரிப்ளையில் எழுதுகிறவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்: பதிலை மட்டும் எடுத்துச் சேர்த்துவிட்டு, மெயிலை அழித்துவிடுவோம்.

ஏற்கெனவே அனுப்பியிருந்தும் இந்த மெயில் வந்திருந்தால் மன்னிக்கவும். அந்த 41 போக, இலக்கம் தவறாகப் பதிவான இரண்டு பதில்கள் யாருடையவை என்று தெரியாமல் கிடக்கின்றன. “அனுப்பிவிட்டேன், இலக்கம் இன்னது” என்று ஒரு வரி போட்டால் சரிசெய்துகொள்வோம், மறுபடி நிரப்ப வேண்டாம்.

கடைசி நாள் மார்ச் 14, வெள்ளி இரவு. பதில்களைத் தொகுக்க ஒரு வாரம் வேண்டும் என்பதால்தான் அந்தத் தேதி. சனி, ஞாயிறில் வந்து சேர்ந்தாலும் சேர்த்துக்கொள்வோம்; திங்கட்கிழமைக்குப் பிறகு வருவது அடுத்த திருத்தத்துக்குத்தான் பயன்படும்.

இதற்குப் பிறகு 12-ம் தேதி காலை இரண்டு வரி மெயில் ஒன்று வரும், அதுவும் அதுவரை பதில் வராதவர்களுக்கு மட்டும். அதோடு சரி. போன் வராது, பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியலும் வராது. இந்த விஷயமாக மெயிலே வேண்டாம் என்றால் “வேண்டாம்” என்று ஒரு சொல் ரிப்ளை போடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 12-ம் தேதி மெயிலும் உங்களுக்கு வராது.

குழு எடுக்கும் முடிவை, நீங்கள் சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதோடு ஒரு பக்கத்தில் எழுதி மார்ச் 31-க்குள் அனுப்புவோம். பதில் தராதவர்களுக்கும் அது வரும்.

அன்புடன்,
முன்னாள் மாணவர் தொடர்பு ஒருங்கிணைப்பாளர்
மெக்கானிக்கல் துறைப் பாடத்திட்டக் குழுவுக்காக

பி.கு: ஒன்பதுக்கும் நேரமில்லை என்றால் 1, 7 இரண்டுக்கு மட்டும் எழுதுங்கள். “ஐடி, பைத்தான்” என்று ரிப்ளை வந்தாலே ஒரு பதிலாகக் கணக்கில் சேரும்.