மீளப்பெறும் அறிவித்தல்: வறுத்த கறித்தூள் 500 கிராம், தொகுதி இலக்கம் 4127 மட்டும்

யாழ்ப்பாணம், 14.11.2025

10.11.2025 அன்று கடைகளில் ஒட்டிய அறிவித்தலுக்குப் பதிலாக இதை வெளியிடுகிறோம். அதில் "சில பொதிகள்" என்று மட்டும் இருந்ததால், எந்தப் பக்கெற், காசு எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டார்கள். பழைய தாளைக் கழற்றிவிட்டு இதை ஒட்டும்படி கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எந்தப் பக்கெற்

பொருள்: வறுத்த கறித்தூள், 500 கிராம்
தொகுதி இலக்கம்: 4127
உற்பத்தித் திகதி: 22.10.2025
காலாவதித் திகதி: 21.04.2026

பக்கெற்றைத் திருப்பி, அடிப்பக்க ஒட்டுக்கு மேலே பாருங்கள். கறுப்பு மையில் மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி தொகுதி இலக்கம். அது 4127 ஆக இருந்தால் மட்டுமே இந்த அறிவித்தல் உங்களுக்குரியது. கடைசி எண்ணைக் கவனமாகப் பாருங்கள்: 4126, 4128 இரண்டையும் பிரித்துச் சோதித்தோம், அவற்றில் பழுதில்லை. 250 கிராம், 1 கிலோ பக்கெற்றுகளிலும் பழுதில்லை, ஏனென்றால் அன்றைக்கு 500 கிராம் மட்டுமே அடைத்தோம். மை அழிந்து இலக்கத்தை வாசிக்க முடியாவிட்டால் 4127 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன பழுது

பக்கெற்றின் அடியைச் சூட்டில் ஒட்டும் இயந்திரத்தின் ஒரு முனை அன்று போதிய அளவு சூடேறவில்லை. அதனால் அடி ஒட்டின் ஒரு மூலை முழுதாக மூடவில்லை. மாரி தொடங்கிய நேரம், ஈரக்காற்று உள்ளே போய்த் தூள் கட்டிபட்டு, சில பக்கெற்றுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சுன்னாகத்துக் கடையொன்றில் இருந்து முதல் தகவல் வந்தது. அதன் பின் எங்கள் களஞ்சியத்தில் மிஞ்சியிருந்த அதே தொகுதிப் பக்கெற்றுகளைத் திறந்து பார்த்தபோது அவற்றிலும் அதே பழுது இருந்தது.

உங்கள் தூள் பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாக இருக்கலாம். இருந்தாலும் பாவிக்க வேண்டாம். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தூளில் வளரத் தொடங்கிவிடும்.

நம் வீடுகளில் ஈரம் பட்ட தூளை வெயிலில் காயவைப்பதும், சட்டியில் திரும்ப ஒரு சூடு காட்டுவதும் வழக்கம். இந்தத் தொகுதிக்கு அது உதவாது. செத்தல் மிளகாயிலும் தானியங்களிலும் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலோ கறியாகக் கொதிக்க வைத்தாலோ பூஞ்சணம் சாகும், அந்த நஞ்சு போகாது. 4127 இல் அது இருக்கிறதா என்று அறிய மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. வரும்வரை உங்களைக் காத்திருக்க வைக்க எங்களுக்கு மனமில்லை, ஆகவே முழுத் தொகுதியையும் இப்போதே திரும்ப எடுக்கிறோம்.

கோழிக்கோ மாட்டுக்கோ போடவும் வேண்டாம். மாடு தின்றால் இந்த நஞ்சின் ஒரு பகுதி பாலுக்கு வரும்.

ஏற்கெனவே சமைத்துச் சாப்பிட்டவர்கள் மிச்சத் தூளை நிறுத்திவிடுங்கள். சத்தி, வயிற்று நோ, மூச்சு இழுப்பு போன்றவை இருந்தால் பக்கெற்றையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். கலியாணம், அந்தியேட்டி என்று பெருஞ்சமையலுக்காக மொத்தமாக வாங்கி வைத்த சமையல்காரர்கள் இன்றே ஒவ்வொரு பக்கெற்றாக இலக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கெற் தவறினாலும் அது பல நூறு பேரின் இலைக்குப் போய்விடும்.

காசு திரும்பப் பெறும் முறை

1. பக்கெற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கக் கட்டுங்கள்.
2. எங்கள் கறித்தூள் விற்கும் எந்தக் கடைக்கும் கொண்டுபோங்கள். வாங்கிய கடையாக இருக்க வேண்டியதில்லை.
3. ஒரு பக்கெற்றுக்கு ரூபா 1,100 கையில் காசாக வாங்குங்கள்.

பில் தேவையில்லை. பக்கெற் திறந்திருந்தாலும், பாதி முடிந்திருந்தாலும், தூள் எல்லாம் முடிந்து வெறும் பக்கெற் மட்டும் இருந்தாலும் முழுக் காசு. காசுக்குப் பதிலாக வேறு சாமான் எடுக்கும்படி கடையில் சொன்னால் நீங்கள் இணங்க வேண்டியதில்லை. அந்தக் காசை நாங்களே கடைக்குக் கொடுக்கிறோம், கடைக்காரருக்கு நட்டமில்லை.

தூளைப் போத்தலில் கொட்டிவிட்டுப் பக்கெற்றை எறிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். 24.10.2025 முதல் இன்று வரை 500 கிராம் பக்கெற் வாங்கியிருந்தால், அது 4127 தானா என்று உங்களாலும் சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது. அதனால் 4127 என்றே கணக்கில் எடுக்கிறோம். போத்தலில் உள்ள தூளைப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள், அதே ரூபா 1,100 கிடைக்கும். போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பின் புதுத்தூளைப் போடுங்கள்.

கடைக்குப் போக முடியாத முதியவர்களும், நெடுந்தீவு போன்ற தீவுகளில் இருப்பவர்களும் இதற்காக அலைய வேண்டாம். குறிகட்டுவானுக்குப் படகேறி வந்து போகும் செலவே பக்கெற் விலையைத் தின்றுவிடும். பக்கெற்றின் பின்புறம் எங்கள் முகவரிக்குக் கீழே உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். பக்கெற் இல்லாதவர்கள் அந்த எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். வங்கி, கிளை, கணக்கு இலக்கம், கணக்குக்காரர் பெயர் ஆகியவற்றைச் சொன்னால் மூன்று வேலை நாட்களுக்குள் காசு போடுவோம். இவற்றைத் தவிர வேறெதையும் நாங்கள் கேட்கமாட்டோம். ஓ.டி.பி. எண், கார்ட் இலக்கம், இரகசிய இலக்கம் கேட்டு யாராவது எங்கள் பெயரில் அழைத்தால், சொல்லாமல் துண்டித்துவிடுங்கள்.

கனடாவுக்கோ லண்டனுக்கோ சுவிஸுக்கோ பிள்ளைகளுக்கு அனுப்பியிருந்தால் இன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம். இலக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, தூளைக் கட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். அந்தப் படத்தை மேலே சொன்ன எண்ணுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் இங்கே வாங்கியவரின் கணக்குக்குக் காசு வரும்.

காசு கொடுப்பது 31.01.2026 வரை. அந்தத் திகதிக்குப் பிறகு கடையில் கிடைக்காது, ஆனால் எங்களை அழைத்தால் கொடுப்போம்.

கடைக்காரர்களுக்கு

4127 ஐ இன்றே தட்டிலிருந்து எடுத்து, வேறு சாமானோடு கலக்காமல் ஒரு பெட்டியில் போட்டு, "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வையுங்கள். வாடிக்கையாளர்கள் கொண்டுவருவதும் அதே பெட்டிக்குள் போகட்டும். விலை குறைத்து விற்கவோ, சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கவோ வேண்டாம். எங்கள் வாகனம் திங்கட்கிழமை முதல் வந்து பெட்டியை எடுத்து, நீங்கள் கொடுத்த காசையும் அங்கேயே தந்துவிடும். எழுதி வைக்க வேண்டியது பக்கெற் எண்ணிக்கை மட்டுமே. வாடிக்கையாளரிடம் அடையாள அட்டை கேட்க வேண்டாம்.

ஒரு கடையில் காசு தர மறுத்தால் முதலில் எங்களை அழையுங்கள், அன்றைக்கே பேசித் தீர்ப்போம். எங்களாலும் தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கு முறையிடலாம். இன்னமும் 4127 விற்கப்படுவதைக் கண்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

ஆய்வுகூட முடிவு கிடைத்ததும், அது எப்படி இருந்தாலும், இதே கடைகளில் தனித்தாளில் ஒட்டுவோம்.

நிர்வாகம்
கறித்தூள் தயாரிப்பகம், யாழ்ப்பாணம்