தங்கள் எழுதுமேசை குறித்து ஒரு மதிப்புரை வேண்டி

அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் எங்களிடம் வாங்கிய 120 சென்டிமீட்டர் நீள எழுதுமேசை கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு பெட்டிகளாகத் தங்கள் வீட்டில் ஒப்படைக்கப்பட்டதாகக் கூரியர் அலுவலகத்திலிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது. இன்று சனிக்கிழமை. இந்த நான்கு நாட்களுக்குள் மேசையைப் பூட்டி முடித்து, ஓரிரு முறையாவது அதில் அமர்ந்து எழுதியிருப்பீர்கள் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறோம். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை என்றால், மேசையைப் பூட்டிய பிறகு இதைப் படித்தாலே போதும்.

மேசையைப் பற்றித் தங்கள் அனுபவத்தை ஒரு மதிப்புரையாக எழுதித் தர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். இதை ஒரு மாதம் கழித்துக் கேட்காமல் இப்போதே கேட்பதற்குக் காரணம் உண்டு. மேசை உறுதியாக இருக்கிறதா, உயரம் வசதியாக இருக்கிறதா என்பதை எத்தனை மாதம் கழித்துக் கேட்டாலும் தங்களால் சொல்ல முடியும். ஆனால் பெட்டி எந்த நிலையில் வந்து சேர்ந்தது, மூலைகளில் வைத்திருந்த அட்டைக் காப்புகள் நசுங்கியிருந்தனவா, குறிப்புத்தாளில் எந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருந்தது, தனியாகவே பூட்ட முடிந்ததா அல்லது பலகையைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டியிருந்தாரா என்பவையெல்லாம் இரண்டு வாரத்தில் மறந்துவிடும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் முதலில் தேடுவதோ இந்த விவரங்களைத்தான்.

இப்படிப்பட்ட ஒரு குறிப்பால் நாங்கள் அடைந்த நன்மையையும் சொல்லிவிடுகிறோம். குறிப்புத்தாளின் மூன்றாம் படத்தில் இடது காலும் வலது காலும் ஒன்றுபோலவே தெரிவதால், முதலில் மாற்றிப் பூட்டிவிட்டு மறுபடியும் கழற்ற வேண்டியிருந்தது என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பட்டறையில் நாள்தோறும் அந்தக் கால்களைக் கையாளும் எங்கள் கண்ணுக்கு அந்தக் குழப்பம் ஒருபோதும் தென்பட்டதில்லை. தங்களுக்கு வந்த கால்களின் உட்புறத்தில் 'இ' என்றும் 'வ' என்றும் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்துகள் அந்த மதிப்புரையால் வந்தவை.

எழுதுவதற்கு அதிக நேரம் ஆகாது. தாங்கள் ஆர்டர் செய்த கணக்கில் 'என் ஆர்டர்கள்' பகுதியைத் திறந்தால், மேசையின் படத்துக்குக் கீழே 'மதிப்புரை எழுதுக' என்ற பொத்தான் இருக்கும். நான்கைந்து வரிகள் போதும். மேசை இருக்கும் இடத்தில், பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்தால் மிகவும் உதவியாக இருக்கும். விளக்குகளை வைத்து நாங்கள் எடுக்கும் படங்களில் மரத்தின் நிறம் சற்றுச் சிவந்து தெரிகிறது என்பதை நாங்களே ஒப்புக்கொள்கிறோம்.

எத்தனை நட்சத்திரம் தருவது என்பது முற்றிலும் தங்கள் விருப்பம். மதிப்புரைக்கு ஈடாகத் தள்ளுபடியோ பரிசோ நாங்கள் தருவதில்லை; அப்படிக் கொடுத்து வாங்கும் பாராட்டைப் படிப்பவர்களும் நம்புவதில்லை. குறை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வெளியான மதிப்புரையைத் திருத்தவோ நீக்கவோ எங்களால் இயலாது. அதன் கீழே பதில் எழுத மட்டுமே முடியும்.

சரிசெய்து தர வேண்டிய குறை ஏதேனும் இருந்தால், உதாரணமாகப் பலகையில் கீறலோ விரிசலோ இருந்தாலும், ஒரு போல்ட் குறைந்திருந்தாலும், மதிப்புரையில் எழுதுவதோடு நிறுத்திவிடாமல், ஒரு படத்துடன் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள். அடுத்த வேலை நாளுக்குள் பதில் எழுதுவோம். ஒரே ஒரு விளக்கம் மட்டும்: மேற்பலகையின் அடியில் சில துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருப்பது பிழையன்று. காற்றின் ஈரப்பதம் கூடும்போது மரம் அகலவாக்கில் சற்று விரியும், குறையும்போது சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் விடாமல் இறுக்கிவிட்டால் பலகை வெடித்துவிடும்.

மேசையைத் தேர்ந்தெடுத்து வாங்கியதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தங்கள் மேசையைச் செய்து அனுப்பிய பட்டறையினர்

பின்குறிப்பு: பெட்டியில் இருந்த அலென் சாவியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மூன்று வாரம் கழித்துக் கால்களின் எட்டு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். மரம் புதிய இடத்தின் காற்றுக்குப் பழகும்போது அவை சற்றுத் தளர்வது வழக்கம்.