ஜிஎஸ்டி, கணக்குப் பராமரிப்பு: நீங்கள் கேட்ட விவரம்

வணக்கம்.

புதிதாக ஜிஎஸ்டி பதிவெண் பெற்ற நீங்கள், எங்கள் சேவை பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

புதியவர்கள் பலரும் முதலில் சறுக்குவது, விற்பனை தொடங்கவில்லை என்று ரிட்டர்னை விட்டுவிடுவதில்தான். பில்லே போடாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் உண்டு; தவறினால் நாளுக்கு 20 ரூபாய், வரி இருந்தால் 50 ரூபாயும் 18% வட்டியும். மாத முறையில், விற்பனை விவரம் காட்டும் GSTR-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், வரி கணக்கிட்டுக் கட்டும் GSTR-3B 20ஆம் தேதிக்குள்.

சரக்கு வாங்கும்போது கொடுத்த உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளக் கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. சரக்கு விற்றவர் அந்தப் பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டி, அது உங்கள் கொள்முதல் பில்களின் பட்டியலான GSTR-2B-யில் ஏறியிருக்க வேண்டும். 14ஆம் தேதி அது வந்ததும் ஒவ்வொரு பில்லாக ஒப்பிட்டு, விடுபட்டவற்றின் பட்டியலை அனுப்புவோம். அதைக் காட்டிக் கேட்டபிறகு அவருக்குப் பாக்கியைக் கொடுங்கள். பணம் போய்விட்டால் யாரும் அவசரப்படமாட்டார்கள்.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக வருமான வரியில் அது செலவாகக் கழியாது. வங்கி வழியே கொடுங்கள். வீட்டுச் செலவு நடப்புக் கணக்கில் கலக்கவே வேண்டாம்.

மாதம் 100 பில் வரை பதிவு, ஒப்பீடு, இரண்டு ரிட்டர்ன் சேர்த்து 3,500 ரூபாய். ஆண்டு வருமான வரி தனி. 5ஆம் தேதிக்குள் பில்களின் ஸ்கேனும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். சம்மதமானால் பான், பதிவுச் சான்றிதழ் நகல்களுடன் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
பட்டயக் கணக்காளர்
அவிநாசி ரோடு, திருப்பூர்