வயிற்றுவலி எல்லாருக்கும் வருவதுதானே?

வாங்க பிள்ளைகளா, பாயில் நெருக்கி உட்காருங்கள். கதவைச் சாத்தியாயிற்று. அண்ணன்மார், மாமன்மார் எல்லாரும் அந்தப் பக்கம் சர்க்கரை பார்க்கும் வரிசையில் நிற்கிறார்கள். இங்கே நாம் மட்டும்தான். நான் இந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியர். உங்களில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி போட்டதே நான்தான், அதனால் என்னிடம் கூச்சம் வேண்டாம்.

‘வீட்டுக்குத் தூரம்’ என்று சொல்கிறோமே, அந்த ரத்தம் அழுக்கு இல்லை. பிள்ளை தங்குவதற்காகக் கருப்பைக்குள் மாதாமாதம் ஒரு மெத்தை வளர்கிறது. தேவைப்படாதபோது அது கரைந்து வெளியே வருகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களில் தினமும் குளிக்கலாம், தலைக்கும் ஊற்றிக்கொள்ளலாம். மீன் சாப்பிடலாம், சாப்பிடத்தான் வேண்டும். ரத்தம் போகிற உடம்புக்குச் சத்து வேண்டாமா? பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஜன்னல் வழியே எறியாதீர்கள்.

நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், குறைவாகப் பட்டாலும் மாற்றுங்கள். துணி வைப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம். சுத்தமான பருத்தித் துணி நல்லதுதான். ஆனால் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. துணியில் உப்பு தங்கினால் தொடை இடுக்கு அறுத்துப் புண்ணாகும். குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இதைக் கேட்பது எனக்கே சங்கடம்தான். இருந்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஒதுக்கச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். பிறகு கொடியில் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கட்டிலுக்கு அடியில், பாவாடைக்கு உள்ளே ஒளித்துக் காயவைத்தால் ஈரம் போகாது, கிருமி வளரும்.

அம்மாவோடு பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். நாப்கின் கடல்தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், அதற்குப் பிறகு ரத்தத்தை வாங்காது. கரை ஏறியதும் முதல் வேலையாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த உடுப்புக்கு மாறுங்கள். வெளிப்பக்கம் கழுவினால் போதும், உள்ளே சோப்பு போடக் கூடாது. பழைய நாப்கினைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கடலில் வீசாதீர்கள்.

சரி, இப்போது வலி. நான் இன்று வந்ததே இதற்காகத்தான்.

கருப்பை ஒரு தசை. அது சுருங்கித்தான் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அப்படிச் சுருங்க வைக்க உடம்பே புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்றைச் சுரக்கிறது. அது கூடினால் வலியும் கூடும், சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும்கூட வரும். முதல் இரண்டு மூன்று நாள் அடிவயிறும் இடுப்பும் வலித்து, வெந்நீர் ஒத்தடத்துக்கும் மாத்திரைக்கும் அடங்கினால் பயமில்லை. மாத்திரையை என்னிடமோ மருத்துவரிடமோ கேட்டு, சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கும்போதே போடுங்கள். உருண்டு புரளும் வரை காத்திருந்தால் அது சரியாகக் கேட்காது. வீசிங், அல்சர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை போட்டும் பள்ளிக்குப் போக முடியவில்லை, மாதத்துக்கு மாதம் வலி கூடுகிறது, தூரம் இல்லாத நாளிலும் வலிக்கிறது, வெளிக்குப் போகும்போதோ ஒன்றுக்குப் போகும்போதோ சுருக்கென்று வலிக்கிறது என்றால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கருப்பைக்குள் இருக்க வேண்டிய மெத்தை போன்ற திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, உங்கள் வயதிலும் வரும். ஏழு நாளைத் தாண்டி ரத்தம் போனாலும், பத்து ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தாலும், மூன்று மாதம் தூரமே வராவிட்டாலும் வாருங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனாலோ, மயக்கம் வந்தாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ அன்றைக்கே வர வேண்டும். இரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு பிள்ளையை என்னால் மறக்க முடியாது. பதினான்கு வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. ஆனால் மாதாமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். ஸ்கேனில் பார்த்தால், வெளியே வரும் வழியைச் சவ்வு ஒன்று மூடியிருந்தது. மாதாமாதம் வந்த ரத்தம் உள்ளேயே தேங்கிக் கிடந்தது. சின்ன அறுவை சிகிச்சைதான், சரியாகிவிட்டது. அவள் சும்மா அழவில்லை என்பதை எல்லாரும் நம்ப எட்டு மாதம் ஆனது.

‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’, ‘நாங்களெல்லாம் பொறுக்கவில்லையா’ என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் அம்மாவும் ஆச்சியும் வலியோடு உழைத்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, உங்களுக்கு நான் இருக்கிறேன். அம்மாவிடம் பேசப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கே வந்து பேசுகிறேன். காலண்டரில் தூரமான தேதியையும், வலித்த நாளையும், பள்ளிக்குப் போகாத நாளையும் குறித்து வையுங்கள். அதைக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

பக்கத்து அறையில் திரைக்குப் பின்னால் பெண் மருத்துவர் ஒரு மணி வரை இருப்பார். நாப்கின் வாங்குவதற்கும் அதே அறைதான், அதனால் யார் எதற்காக உள்ளே போகிறார்கள் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவராகப் போங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.