2024–25 மதிப்பீட்டுப் படிவங்களிலிருந்து தொகுத்த பயிற்சித் தேவைகள்: திறன் வாரியாகவும் ஆள் எண்ணிக்கை வாரியாகவும் முன்னுரிமைப் பட்டியல்

அனுப்புநர்: உதவி மேலாளர், மனிதவளப் பிரிவு
பெறுநர்: பொது மேலாளர், திருப்பூர் தொழிற்கூடம்
நாள்: 19 மே 2025

மதிப்பிற்குரிய ஐயா,

மாதச் சம்பளப் பணியாளர்கள் 94 பேருக்கும் ஏப்ரலில் கொடுத்த ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களில் 91 திரும்பி வந்துள்ளன. மீதி மூவரில் இருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார்கள், ஒருவர் பிப்ரவரியில்தான் சேர்ந்தார். இந்த 91 படிவங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து, பயிற்சித் தேவைகளைப் பிரித்தெடுத்து, எந்தத் திறனுக்கு எத்தனை பேர் என்ற கணக்குடன் முன்னுரிமை வரிசையில் கீழே தந்திருக்கிறேன். ஜூன் மாதப் பயிற்சிச் செலவுக்கு ஒப்புதல் தருமுன் தாங்கள் இதைப் பார்வையிட வேண்டுகிறேன்.

தொகுத்த விதம்

படிவத்தின் ஆறாம் பகுதியில் ‘தேவைப்படும் பயிற்சி’ என்ற கட்டம் இருக்கிறது. அதை மட்டும் எண்ணினால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் 19 படிவங்களில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவற்றில் நான்காம் பகுதியில் மேற்பார்வையாளர் குறைகளாக எழுதியதைப் படித்தபோது 11 பேரின் தேவை தெளிவாகத் தெரிந்தது. எட்டுப் பேருக்கு எங்கும் எதுவும் இல்லை. ஆக 83 படிவங்களிலிருந்து 158 குறிப்புகள் கிடைத்தன. ஒரே படிவத்தில் ஒரே தேவை இரண்டு சொற்களில் வந்த 17 குறிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டேன்.

21 குறிப்புகள் பயிற்சியால் தீராதவை என்பதால் பட்டியலில் இல்லை. ஒன்பது, ஓவர்லாக் மெஷின்களின் இணைப்புப் பாகங்கள் போதாமை பற்றியவை. ஏழு, ஆள் பற்றாக்குறையும் செக்கிங் மேசை வெளிச்சமும் பற்றியவை. ஐந்து, சம்பளமும் பதவி உயர்வும் பற்றியவை. செக்கிங் மேசையில் விளக்கு மங்கலாக இருக்கும்போது, கறை தெரியவில்லை என்பதற்காக அங்கு நிற்பவரை வகுப்புக்கு அனுப்புவதில் பொருளில்லை. இந்த 21ஐயும் தனித் தாளில் பராமரிப்புப் பிரிவுக்கும் தங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பியுள்ளேன். இவற்றை மட்டுமே எழுதியிருந்த ஐந்து பேரை நீக்கியபின், பயிற்சி தேவைப்படுவோர் 78 பேர். ஒருவர் இரண்டு மூன்று திறன்களில் வருவதால் பட்டியலின் எண்களைக் கூட்டினால் 120 வரும். அதை ஆள் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு தையல் தளப் பொறுப்பாளர் தமக்குக் கீழுள்ள 12 பேரின் படிவத்திலும் ‘தலைமைப் பண்பு வளர வேண்டும்’ என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதியிருந்தார். அதை அப்படியே எண்ணியிருந்தால், இந்த ஆண்டு 12 பேரைத் தலைமைப் பண்பு வகுப்புக்கு அனுப்பியிருப்போம். அவருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் பெயரைச் சொல்லி, ‘போன மாதம் இவருடைய லைனில் எங்கே சிக்கியது?’ என்று கேட்டபோது பதில்கள் உடனே வந்தன. ஏழு பேருக்கு லைன் பேலன்சிங் தெரியவில்லை. ஐந்து பேருக்குத் தொழிலாளரிடம் கோபப்படாமல் வேலை வாங்கத் தெரியவில்லை. பட்டியலில் அவர்கள் இந்த இரு தலைப்புகளின் கீழ் வருகிறார்கள்.

‘ஆங்கிலம்’ என்ற சொல்

22 படிவங்களில் ‘ஆங்கிலம் கற்க வேண்டும்’ என்று இருந்தது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், அது அப்படியே எண்ணப்பட்டிருந்தால் படிவங்களில் அதிகம் பேருக்கு எழுதப்பட்ட தேவையாக நின்று, ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் பணம் போயிருக்கும் என்பதே. 37ஆம் எண் படிவத்துக்குரிய செக்கிங் மேற்பார்வையாளரை நேரில் பார்த்தேன். நடப்பு ஆர்டரின் அளவு அட்டையை அவர் முன் வைத்தபோது எண்களைத் தடையின்றிப் படித்தார். மார்பளவை அக்குளிலிருந்து 2 செ.மீ. கீழே எடுக்க வேண்டும் என்று அந்த வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டு, அக்குள் தையலிலேயே டேப்பை வைத்தார். இருபது வருடம் பீஸ் பார்த்த கை அது; ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரிதான் அதைத் தடுத்தது. டாலரன்ஸ் கட்டத்தில் ± குறியின் பொருளும் அவருக்கு முழுதாகத் தெரியவில்லை.

22 பேரையும் அவரவர் மேலதிகாரி மூலம் விசாரித்ததில், 14 பேருக்கு வேண்டியது அளவு அட்டையையும் டெக் பேக்கையும் பையர் குறிப்புகளையும் படிக்கும் திறன் என்று தெரிந்தது. எட்டுப் பேருக்கு மட்டுமே மின்னஞ்சல் எழுதும் ஆங்கிலம் வேண்டும். டெக் பேக் தேவையை நேரடியாகவே குறிப்பிட்ட ஒன்பது பேரையும் சேர்த்தால் அந்தத் திறன் 23 பேருடன் முதலிடத்துக்கு வருகிறது.

வரிசைப்படுத்திய விதம்

ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்தால் எக்செல் இரண்டாம் இடத்தைப் பிடிக்கும். ஆகவே மே 14 அன்று உற்பத்தி மேலாளரும் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரும் நானும் அமர்ந்து, ஒவ்வொரு திறன் குறைவும் என்ன இழப்பைத் தருகிறது என்பதற்கு ஒரு மதிப்பு கொடுத்தோம். சரக்கு நிராகரிக்கப்படும் அளவுக்கு இழப்பென்றால் 3. மறு வேலை, தாமதம், ஆட்கள் விலகல், அபராதம் ஆகியவற்றுக்கு 2. வேலை மெதுவாகும் என்றால் 1. ஆள் எண்ணிக்கையை இந்த மதிப்பால் பெருக்கியதே புள்ளி.

| வரிசை | திறன் | ஆட்கள் | பிரிவுகள் | மதிப்பு | புள்ளி |
|---|---|---|---|---|---|
| 1 | அளவு அட்டை, டெக் பேக், பையர் குறிப்பு படித்தல் | 23 | தையல் 11, செக்கிங் 8, கட்டிங் 4 | 3 | 69 |
| 2 | ஊசி உடைவுப் பதிவு, மெட்டல் டிடெக்டர் இயக்கம் | 5 | பேக்கிங் 3, பராமரிப்பு 2 | 3 | 15 |
| 3 | குறை வகைப்படுத்தல், ஏக்யூஎல் மாதிரி ஆய்வு | 13 | செக்கிங் 11, பேக்கிங் 2 | 3 | 39 |
| 4 | லைன் பேலன்சிங், மணிவாரி உற்பத்திப் பதிவு | 16 | தையல் 16 | 2 | 32 |
| 5 | தொழிலாளரிடம் பேசுதல், குறை கேட்டல் | 14 | தையல் 9, பேக்கிங் 3, செக்கிங் 2 | 2 | 28 |
| 6 | எக்செல் | 19 | மெர்ச்சண்டைசிங் 5, ஸ்டோர் 5, கணக்கு 4, தையல் 3, கட்டிங் 2 | 1 | 19 |
| 7 | துணி ஆய்வு, ஷேடு பிரித்தல் | 6 | கட்டிங் 4, ஸ்டோர் 2 | 3 | 18 |
| 8 | பேச்சு இந்தி | 9 | தையல் 6, பேக்கிங் 2, கட்டிங் 1 | 2 | 18 |
| 9 | மின்னஞ்சல் ஆங்கிலம் | 8 | மெர்ச்சண்டைசிங் 5, செக்கிங் 2, கணக்கு 1 | 1 | 8 |
| 10 | சர்வோ மோட்டார், கன்ட்ரோல் பாக்ஸ் பழுது | 4 | பராமரிப்பு 4 | 2 | 8 |
| 11 | இ-வே பில், ஜிஎஸ்டி ஆவணங்கள் | 3 | கணக்கு 2, ஸ்டோர் 1 | 2 | 6 |

இரண்டாம் வரிசையில் உள்ள திறனுக்கு 15 புள்ளிதான் வந்தது. கணக்குப்படி அது எட்டுக்குப் பின்னால்தான் போக வேண்டும். அதை மேலே வைத்தது எங்கள் தீர்மானம். நம்முடைய ஆர்டர்களில் பெரும்பகுதி குழந்தைகள் ஆடை. உடைந்த ஊசியின் ஒரு துண்டு பீஸுக்குள் போனாலே முழு சரக்கும் நின்றுவிடும். அந்த ஐந்து பேர்தாம் டிடெக்டரையும் ஊசிப் பதிவேட்டையும் கையாள்பவர்கள். அவர்களுக்குப் பதில் ஆள் இல்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒட்டி வைத்துக் கணக்குக் காட்டும் பதிவேட்டில், மார்ச் மாதப் பக்கங்களில் மூன்று இடங்களில் நுனித் துண்டு ஒட்டப்படவில்லை என்பதைத் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் எனக்குக் காட்டினார்.

சில தலைப்புகள் பற்றி

மூன்றாம் வரிசையில் உள்ள மாதிரி ஆய்வில் செக்கிங் பிரிவின் 11 பேருக்கும் அட்டவணை கையில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. 1,201 முதல் 3,200 வரையுள்ள ஒரு லாட்டில், பொது ஆய்வு நிலை இரண்டின்படி 125 பீஸ் எடுத்து, ஏக்யூஎல் 2.5 என்றால் ஏழு குறை வரை ஏற்பு, எட்டு வந்தால் நிராகரிப்பு என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருவர்தாம். மற்றவர்கள் ‘கொஞ்சம் பார்த்துட்டு விட்டுருவோம்’ என்ற பழக்கத்தில் இருக்கிறார்கள். பையரின் ஆய்வாளர் வந்து அதே லாட்டை எடுக்கும்போதுதான் வேறுபாடு வெளியே வருகிறது.

ஐந்தாம், எட்டாம் வரிசைகளைத் தனித்தனியாக வைத்தாலும் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தங்கியுள்ள தொழிலாளர்களிடம் பேசும் மொழியே இல்லாதவருக்கு, பேசும் முறையைக் கற்றுக்கொடுத்தும் பலன் குறைவு. இரண்டிலும் பெயருள்ள ஆறு பேருக்கு முதலில் இந்தியைத் தருவது நல்லது. இரு மொழியும் தெரிந்த நம் தொழிலாளர்களையே ஆசிரியராக வைத்து, அவர்களுக்குப் படித்தொகை தர ஏற்பாடு செய்தால் போதும்.

எக்செல்லில் 11 பேருக்கு வடிகட்டுதலும் கூட்டலும் போதும். எட்டுப் பேருக்குத்தான் பிவட் டேபிள் வரை வேண்டும். கணக்குப் பிரிவில் உள்ள ஒருவர் சனிக்கிழமைகளில் நடத்தச் சம்மதித்திருக்கிறார், செலவு இல்லை. இ-வே பில் பயிற்சியை நம் ஆடிட்டர் அலுவலகத்தில் அரை நாளில் முடிக்கலாம்.

எண்களைச் சரிபார்க்க விரும்பினால், கோப்பில் ஒரு ஆள், ஒரு திறனுக்கு ஒரு வரி என வைத்துள்ளேன். B நெடுவரிசையில் பிரிவும் C நெடுவரிசையில் திறனும் உள்ளன:

```
=COUNTIFS(B:B,"செக்கிங்",C:C,"டெக் பேக்")
```

இது 8 தர வேண்டும்.

படிவம் காட்டாதவை

தீயணைப்புக் கருவி கையாளுதலையும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பற்றிய விழிப்புணர்வையும் ஒருவர்கூடத் தமக்குத் தேவை என்று எழுதவில்லை. அந்தச் சட்டத்தின்படி விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை உரிய இடைவெளியில் நடத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டும் 94 பேருக்கும் உரியவை என்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்காமல், தொழிலாளர் அனைவருக்குமான தனித் திட்டத்தில் வைத்துள்ளேன்.

முதல் மூன்று வரிசைகளையும் ஜூன் 9 முதல் ஜூலை 12 வரை, லைன் நிற்காதபடி மதிய உணவுக்குப் பிந்தைய ஒன்றரை மணி நேரத்தில், எட்டு எட்டுப் பேராக நடத்த உற்பத்தி மேலாளர் ஒப்புக்கொண்டுள்ளார். முதல் வரிசைக்கு வெளி ஆசிரியர் வேண்டாம். அளவு அட்டைகளில் வரும் சுமார் 60 ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளுடனும் படத்துடனும் அச்சிட்டு ஒவ்வொரு லைனிலும் மாட்டினால் போதும் என்பது தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரின் கருத்து, எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வெளி ஆசிரியர் தேவை. அவற்றின் செலவுக் கோரிக்கையை மே 26க்குள் தங்கள் மேசைக்கு அனுப்புகிறேன். அதற்கு முன் வரிசையில் மாற்றம் வேண்டுமெனில் தெரிவிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
உதவி மேலாளர், மனிதவளப் பிரிவு

நகல்: உற்பத்தி மேலாளர், தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்