படம் 2-க்குக் கீழே உள்ள குறிப்பு: திருத்த வேண்டியவை

தம்பி, போஸ்டரைப் படித்தேன். சுங்கை சிப்புட் நாற்றங்காலில் ஆறு மாதம் அந்தச் செம்பனைக் கன்றுகளோடு நீ பட்ட பாடு வரைபடத்தில் நன்றாகவே தெரிகிறது, ஆனால் படத்தை மட்டும் பார்க்கிறவருக்குக் கீழே உள்ள குறிப்பு எதையும் சொல்லவில்லை. இப்போது இருப்பது இவ்வளவுதான்:

"படம் 2. கானோடெர்மா தொற்றிய கன்றுகளில் டிரைக்கோடெர்மாவின் விளைவு. சராசரி ± பிழை. *, **"

முதலில் அந்த "± பிழை". உன் எக்ஸெல் தாளில் டிரைக்கோடெர்மா இடாத கன்றுகளுக்கு ஆறாம் மாத நோய்த் தீவிரத்தின் திட்ட விலக்கம் 12, படத்தில் கோடு 4 மட்டும்தான் நீள்கிறது, 12/√9 = 4 என்பதால் அது திட்டப் பிழை என்று நான் கண்டுபிடித்தேன். மற்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதே தரவுக்கு 95% நம்பிக்கை இடைவெளி போட்டால் கோடு ஏறக்குறைய 9.2 வரும். மூன்றும் மூன்று வேறு கதை. என்னைக் கேட்டால் நம்பிக்கை இடைவெளியையே போடு, கோடு நீளமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அடுத்து n. குறிப்பில் எங்குமே இல்லை. ஒரு வகைக்கு 9 வரிசை, வரிசைக்கு 5 பாலிபேக், ஆக 45 கன்று. ஆனால் மருந்தை வரிசைக்கு மொத்தமாகத்தான் ஊற்றினாய், அதனால் n = 9. 45 என்று எழுதிவிடாதே, அது இல்லாத துல்லியத்தைக் காட்டும். அப்புறம், மருந்து இடாத வரிசைகளில் செத்துப்போன 4 கன்றுகளின் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. எக்ஸெல் காலிக் கட்டங்களைச் சராசரியில் சேர்க்காது, அதாவது மிக மோசமாக நோய் தாக்கிய கன்றுகளே கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. அவற்றுக்கு 100 கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போடு. மேலே நான் சொன்ன எண்களும் மாறும்.

குறியீடுகள்: வெள்ளை வட்டம், கறுப்பு வட்டம், முக்கோணம், இரண்டாம் மாதத்தில் நிற்கும் புள்ளிக்கோடு, நட்சத்திரம், எதற்குமே விளக்கம் இல்லை. மேலே a, b எழுத்துகள் வேறு. நட்சத்திரம் போதும், எழுத்துகளை எடுத்துவிடு.

இப்படி மாற்று:

"படம் 2. கானோடெர்மா போனினென்ஸ் தொற்ற வைத்த செம்பனைக் கன்றுகளின் நோய்த் தீவிரம் (%), 6 மாதங்கள். வெள்ளை வட்டம்: டிரைக்கோடெர்மா இடாதவை. கறுப்பு வட்டம்: ஒரு முறை இட்டவை. முக்கோணம்: இரு முறை இட்டவை. குறிகள் வரிசைச் சராசரிகளின் சராசரி, செங்குத்துக் கோடுகள் 95% நம்பிக்கை இடைவெளி. ஒவ்வொரு வகைக்கும் n = 9 வரிசைகள், வரிசைக்கு 5 கன்றுகள். செத்த கன்றுகளுக்குத் தீவிரம் 100. புள்ளிக்கோடு: இரண்டாம் முறை இட்ட நாள். 6-ஆம் மாதத்தில், இடாதவற்றோடு ஒப்பிட்டு: * p < 0.05, ** p < 0.01 (டன்னெட் சோதனை)."

கணக்கு மாறியதும் நட்சத்திரங்களை மறுபடி பார், ஒன்றிரண்டு போகலாம். போனால் போகட்டும், மிஞ்சுவதை மட்டும் போடு. படம் 3-இலும் கோடு எதைக் குறிக்கிறது என்று எழுதாமல் விட்டிருக்கிறாய், அதையும் சேர்த்தே அனுப்பு.