யாழினியின் வலிப்பு நோய் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி
9.6.2025

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கும், நான்காம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் உங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்ந்திருக்கும் யாழினியின் அம்மா நான். சேர்க்கைப் படிவத்தில் ‘உடல்நலக் குறைபாடு’ என்ற இடத்தில் ‘வலிப்பு’ என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தேன். அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் தனியாக எழுதுகிறேன். சத்துணவுக்கூட அக்கா, ஆயா, விளையாட்டு ஆசிரியர் என்று எல்லோருக்கும் இதைப் படித்துக் காட்டினால் உதவியாக இருக்கும். வலிப்பு வரும் நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாதே.

யாழினிக்கு ஆறு வயதில் முதல் ஃபிட்ஸ் வந்தது. கோவையில் நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி.யும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் ஒரு பகுதியில் மின்னோட்டம் திடீரென்று தாறுமாறாவதால் வருகிறது என்றார். லெவெடிரசெட்டம் 250 மி.கி. மாத்திரை காலை 8 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. இரண்டும் வீட்டிலேயே கொடுத்துவிடுவேன், பள்ளியில் மாத்திரை தர வேண்டியதில்லை. கடைசியாக வந்தது மார்ச் மாதம். மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு பஸ்ஸில் திரும்பினோம். வளைவுகளில் வாந்தி எடுத்ததில் மாத்திரையும் வெளியே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. தூக்கமும் இல்லை. மறுநாள் காலையில் வந்துவிட்டது. மாத்திரை தவறுவது, தூக்கம் கெடுவது, காய்ச்சல், இந்த மூன்றும்தான் அவளுக்கு ஆகாது. அப்படி ஒரு நாள் என்றால் காலையிலேயே டைரியில் எழுதி அனுப்புவேன்.

இரண்டு விதமாக வரும். சின்னது வந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்திவிட்டு ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பாள். வாயைச் சப்புக்கொட்டுவாள், விரல்கள் ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் இருக்கும். கனவு காண்கிறாள், வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை என்று நினைத்து அடி வாங்கியிருக்கிறாள், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். அப்போது உலுக்க வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். எழுந்து நடந்தால் படிக்கட்டுப் பக்கம் போகாமல் மெதுவாகத் தடுத்தால் போதும். தெளிந்ததும், நடுவில் நடந்த பாடத்தை இன்னொரு முறை சொல்லிக் கொடுங்கள்.

பெரியது வந்தால் உடம்பு விறைத்துக் கீழே விழுவாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை வரலாம், உதடு சற்று நீலம் பூக்கலாம். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், எனக்கே இன்னும் கை நடுங்குகிறது. ஆனால் அவளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும்.

விழுந்தவுடன் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. இதை யாராவது ஒருவர் பொறுப்பாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். பெஞ்ச், கல், சூடான பாத்திரம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் தள்ளி வையுங்கள். தலைக்கடியில் மடித்த ஸ்வெட்டரோ பையோ வையுங்கள். நம் ஊர்க் குளிருக்குக் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பாள், அதைக் கட்டாயம் கழற்றுங்கள். மேல் பட்டனையும் தளர்த்துங்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் நுரையும் தொண்டைக்குள் போகாமல் வெளியே வடிந்துவிடும். இழுக்கும் கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள், தெரியும். வலிப்பு நிற்கும் நேரத்தில் சாவியும் கையில் இருந்தால் சாவியால் நின்றது போலத் தோன்றும், அவ்வளவுதான். இரும்பாவது கையோடு நின்றுவிடும், வாயில் வைப்பதுதான் இன்னும் ஆபத்து. முன்பு படித்த பள்ளியில் நாக்கைக் கடித்துவிடுவாள் என்று பயந்து ஸ்பூன் காம்பை வாயில் திணித்ததில் ஒரு பல் பாதி உடைந்துவிட்டது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, விரலையும் கூட. முழுத் தெளிவு வரும்வரை தண்ணீரும் வேண்டாம்.

மூன்று நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைத்துவிடுங்கள். மற்ற ஊர் என்றால் ஐந்து நிமிடம் பார்க்கலாம். இங்கே மூடுபனியும் வளைவும் தாண்டி வண்டி வர வேண்டுமே. நின்றுவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் ஆகிவிட்டால், வலிப்பை நிறுத்தும் மிடசோலம் ஸ்ப்ரேயை மூக்கில் அடிக்க வேண்டும். 1.25 மி.கி. ஸ்ப்ரே, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு முறை, மொத்தம் நான்கு. அவள் எடையான 25 கிலோவுக்கு மருத்துவர் கணக்கிட்டு எழுதிய அளவு இது, வேறு குழந்தைக்குப் பொருந்தாது. அடித்த பிறகு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அந்த நான்குக்கு மேல் மறுபடி அடிக்காதீர்கள். மூன்று நிமிடம் ஆகாவிட்டாலும், தெளிவு வராமலே மறுபடி வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, நின்ற பிறகும் மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

நின்றதும் அசந்து தூங்குவாள். அரை மணி, ஒரு மணி நேரம் தூங்கட்டும், ஒருக்களித்தபடியே. சிறுநீர் போயிருக்கலாம். பையில் ஒரு மாற்றுப் பாவாடை எப்போதும் இருக்கும். மற்ற பிள்ளைகள் பார்ப்பதற்குள் ஒரு போர்வையால் மூடிவிட்டால் அவளுக்கு அதுவே பெரிய உதவி. எழுந்ததும் முதலில் கேட்பது ‘யாரெல்லாம் பார்த்தாங்க?’ என்றுதான். மருத்துவருக்குக் காட்ட போனில் வீடியோ எடுத்தால் நல்லது, ஆனால் எனக்கு மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், உள்ளே சிக்னல் கிடைக்காது. எனக்குக் கிடைக்காவிட்டால் தொழிற்சாலை அலுவலகத்துக்கு அழையுங்கள், அடுத்து அவள் மாமாவுக்கு. மூன்று எண்களும் அவள் டைரியின் முதல் பக்கத்தில் உள்ளன. எனக்காகக் காத்திருந்து ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன்.

மற்றபடி அவளை எல்லாப் பிள்ளைகளையும் போலவே நடத்துங்கள். ஓடலாம், கபடி விளையாடலாம், எதையும் சாப்பிடலாம். தண்ணீரில் தனியாக இறங்குவதும் மரம் ஏறுவதும்தான் கூடாது. கணப்பு மூட்டினால் அதன் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். சுற்றுலா போனால் அவளையும் கூட்டிப் போங்கள், ஸ்ப்ரேயும் கூடவே போகட்டும். இந்த மாத்திரையால் சில நாள் சிடுசிடுவென்று இருப்பாள், அதற்காகத் திட்டாமல் விட வேண்டும் என்று சொல்லவில்லை, காரணம் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இது தொற்றும் நோய் இல்லை, நுரை பட்டாலும் ஒட்டாது என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். அவளுக்கு முன்னாலேயே சொல்லலாம், அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

மருத்துவர் கொடுத்த சீட்டின் நகலை இணைத்துள்ளேன். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஸ்ப்ரேயைக் கொண்டு வந்து, முதல் தடவை எப்படித் திறந்து அழுத்த வேண்டும் என்று காட்டுகிறேன். பூட்டாத ஓர் அலமாரியில், பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இடம் ஒதுக்கி வைத்தால் போதும். காலாவதித் தேதியை நானே பார்த்து மாற்றித் தருவேன்.

இப்படிக்கு,
யாழினியின் அம்மா
செல்வி